ஆர்டர் கொடுக்காத டொமைன் பில்: அறிகுறி பார்த்துப் பிரித்தறிவது எப்படி

போன ஏப்ரலில் கரூரிலிருந்து ஒரு போன். படுக்கை விரிப்பு, சமையலறைத் துண்டு எல்லாம் தைத்து ஏற்றுமதி செய்கிற சிறிய நிறுவனம். இரண்டு வருடமாக அவர்களுடைய மெயில், வெப்சைட் தொல்லைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். வெப்சைட்டை முதலில் செய்து கொடுத்தது வேறொருவர். கணக்குப் பார்க்கும் அக்காதான் பேசினார். "தம்பி, டொமைன் முடியப் போகுதுன்னு பில் வந்திருக்கு, 86 டாலர். நாலு நாள்தான் டைமாம். முதலாளி ஊர்ல இல்ல, கட்டிரவா?"

கட்ட வேண்டாம், மெயிலை எனக்கு அனுப்புங்கள் என்றேன். அது போலி என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் ஆறு மாதம் கழித்து அதே அலுவலகத்தில் உண்மையான பில் குப்பைத்தொட்டிக்குப் போக இருந்தது. அந்தக் கதை கீழே வரும். இந்த விஷயத்தில் ஏமாறுவதற்கு இரண்டு வழி உண்டு: பொய்யான பில்லைக் கட்டுவது ஒன்று, பயந்துபோய் உண்மையான பில்லைக் கட்டாமல் விடுவது இன்னொன்று. முதலாவதில் ஏழாயிரம் ரூபாய் போகும். இரண்டாவதில் கம்பெனியின் மெயில் முகவரியே போய்விடலாம்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

பில்லைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். லோகோ, முத்திரை, பார்கோடு எல்லாம் யாரும் அச்சடிக்கலாம். உங்கள் டொமைன் யாரிடம் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதி வரைக்கும் என்ற இரண்டு விவரமும் பொதுப் பதிவேட்டில் இருக்கின்றன. அதைப் பாருங்கள்.

டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் போன்றவற்றுக்கு `lookup.icann.org` தளத்தில் டொமைன் பெயரைத் தட்டினால் போதும். டாட் இன், டாட் கோ டாட் இன் என்றால் `registry.in` தளத்தில் தேடலாம். லினக்ஸ் அல்லது மேக் வைத்திருப்பவர்கள் டெர்மினலில், `example.com` இருக்கும் இடத்தில் தங்கள் டொமைனைப் போட்டு இப்படிக் கேட்கலாம்:

```
whois example.com
```

நீளமாக வரும். அதில் நமக்கு வேண்டியவை இவ்வளவுதான்:

```
Registrar: PDR Ltd. d/b/a PublicDomainRegistry.com
Registry Expiry Date: 2025-11-14T06:12:40Z
Domain Status: clientTransferProhibited
```

முதல் வரி ரெஜிஸ்ட்ரார், அதாவது உங்கள் பெயரைப் பதிந்து வைத்திருக்கும் நிறுவனம். புதுப்பிப்புக்குப் பணம் வாங்கும் உரிமை அவர்களுக்கு, அல்லது அவர்களிடம் மொத்தமாக வாங்கி உங்களுக்கு விற்ற ரீசெல்லருக்கு மட்டும்தான் உண்டு. இரண்டாவது வரி காலாவதித் தேதி. மூன்றாவது, டொமைன் பூட்டப்பட்டிருக்கிறது, வேறு ரெஜிஸ்ட்ராருக்கு எடுத்துச் செல்ல முடியாது என்பது. இது இருப்பது நல்லது. இல்லையென்றால் ரெஜிஸ்ட்ரார் கணக்கில் நுழைந்து பூட்டிவிடுங்கள்.

2025 ஜனவரி கடைசியிலிருந்து டாட் காம் போன்ற பொதுப் பெயர்களுக்குப் பழைய `whois` சேவையை நடத்த வேண்டிய கட்டாயம் நீங்கிவிட்டது. அதனால் கட்டளைக்குப் பதில் வராமல் போகலாம். பதற்றப்பட வேண்டாம், மேலே சொன்ன தளத்தில் பார்த்தால் புது முறையில் அதே விவரம் வரும்.

ஒரு பொறி இருக்கிறது, தெரிந்தவர்களே சறுக்கும் இடம். டாட் காம் பெயர் காலாவதியாகும் நாளில் பதிவேடு தானாகவே ஒரு வருடம் நீட்டிவிடும். ரெஜிஸ்ட்ராருக்கு அதை ரத்து செய்ய 45 நாள் வரை அவகாசம் உண்டு. நீங்கள் பணம் கட்டாமல் இருந்தாலும் இந்த இடைவெளியில் தேதி அடுத்த வருடம் என்றே தெரியும். ஆகவே வழக்கமாகக் காலாவதியாகும் மாதத்திலோ அதற்கு அடுத்த மாதத்திலோ பார்க்கிறீர்கள் என்றால், வெளியே தெரியும் தேதியை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ரெஜிஸ்ட்ரார் கணக்குக்குள் நுழைந்து பார்ப்பதுதான் கடைசி வார்த்தை.

## அறிகுறி: "டொமைன் காலாவதி" என்று மெயில், தொகை டாலரில், கெடு இன்னும் சில நாள்

கரூருக்கு வந்தது இந்த ரகம். தேதி ஏப்ரல் 9. மேலே பெரிய எழுத்தில் டொமைன் காலாவதி அறிவிப்பு என்று தலைப்பு. அதன் கீழே கம்பெனியின் டொமைன் பெயர், அலுவலக முகவரி, கடைசி நாள் ஏப்ரல் 13, ஒரு வருடத்துக்கு 86 டாலர். பணம் கட்ட ஒரு பட்டன். கட்டாவிட்டால் உங்களை இணையத்தில் யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம் என்று ஒரு மிரட்டல்.

பதிவேட்டில் பார்த்தால் தேதி நவம்பர் 14. ஏழு மாதம் இருக்கிறது. அப்படியென்றால் ஏப்ரல் 13 எதனுடைய காலாவதி? மெயிலின் அடிவரை உருட்டினால் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் பத்து வரி. இது பில் அல்ல, இதைக் கட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை, நாங்கள் டொமைன் பதிவு செய்வதில்லை, தேடுபொறிகளில் உங்கள் தளத்தைச் சேர்த்துவிடும் சேவையை விற்கிறோம், இந்தச் சலுகையின் கடைசி நாள் மேலே உள்ள தேதி என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். காலாவதியாவது அவர்களுடைய சலுகை. நம்முடைய டொமைன் அல்ல.

அந்தப் பொடி எழுத்தை ஏன் போடுகிறார்கள் என்று பலர் கேட்பார்கள். நாளைக்கு வழக்கு என்று வந்தால் "நாங்கள்தான் தெளிவாகச் சொன்னோமே" என்று காட்டத்தான். அது அவர்களுக்குக் கவசம் என்றால் நமக்கு அடையாளம். உண்மையான ரெஜிஸ்ட்ரார் அனுப்பும் பில்லில் "இது பில் அல்ல" என்று எழுத வேண்டிய தேவை எந்த நாளும் வராது. சந்தேகம் வந்தால் மெயிலை முழுவதும் தேர்வு செய்து பாருங்கள்; வெள்ளைப் பின்னணியில் வெளிறிய எழுத்தாக இருந்தாலும் அப்போது தெரிந்துவிடும்.

இந்த "தேடுபொறியில் சேர்க்கும்" சேவை எதற்காவது உதவுமா? உதவாது. கூகுள் தளங்களைத் தானே தேடி வந்து சேர்த்துக்கொள்கிறது. நாமாகச் சொல்ல வேண்டுமென்றாலும் கூகுளே தரும் சர்ச் கன்சோல் தளத்தில் காசில்லாமல் சொல்லலாம்.

செய்ய வேண்டியது: பட்டனை அழுத்தாதீர்கள், பதில் எழுதாதீர்கள், பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லும் இணைப்பையும் தொடாதீர்கள், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அது அவர்களுக்குச் சொல்லிவிடும். ஸ்பேம் என்று குறித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

## அறிகுறி: புதுப்பிப்புக் கடிதம், தேதி ஏறக்குறைய சரி, அனுப்பியவர் வேறொரு ரெஜிஸ்ட்ரார்

இது முந்தையதைவிடப் பழையது, ஆபத்தும் அதிகம். இதில் தேதி பொய் இல்லை. பொதுப் பதிவேட்டில் பார்த்து எழுதியது, சரியாகத்தான் இருக்கும். அனுப்பியவர் உண்மையிலேயே டொமைன் வியாபாரமும் செய்பவர். ஆனால் உங்கள் டொமைன் அவரிடம் இல்லை. நீங்கள் "புதுப்பிக்கிறேன்" என்று நினைத்துக் கட்டுவது, டொமைனை அவரிடம் மாற்றச் சம்மதிப்பதாக முடியும்.

அமெரிக்காவில் டொமைன் ரெஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா என்ற பெயரில் இப்படிப் போன கடிதங்கள் மீது அந்நாட்டு வர்த்தக ஆணையமான எஃப்டிசி நடவடிக்கை எடுத்து 2003 டிசம்பரில் சமரச உத்தரவு பெற்றது. அதோடு நிற்கவில்லை. 2014 ஜூலையில், தன் ரீசெல்லர்கள் இதே வேலை செய்ததற்காகக் கனடா ரெஜிஸ்ட்ரார் ஒன்றை, உலக அளவில் டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகேன் அமைப்பு 90 நாள் இடைநிறுத்தியது. பெயர்ப்பலகை மாறும், கடிதத்தின் வாசகம் மட்டும் அப்படியே இருக்கும்.

நம் ஊரில் தபாலில் வருவது குறைவு, மெயிலில்தான் வரும். 2018 மே மாதத்துக்குப் பிறகு டாட் காம் பதிவேட்டில் உரிமையாளரின் பெயர், முகவரி பெரும்பாலும் மறைக்கப்படுகிறது. ஆனாலும் அதற்கு முன்பே அள்ளி வைத்த பட்டியல்கள் இன்னும் சுற்றுகின்றன. அதுபோக, நம் வெப்சைட்டின் தொடர்பு பக்கத்தில் எல்லாமே இருக்கிறதே.

பணம் கட்டினாலும் உடனே டொமைன் போய்விடாது. மாற்றத்துக்கு இரண்டு சாவி வேண்டும்: பூட்டைத் திறக்க வேண்டும், பழைய ரெஜிஸ்ட்ரார் கணக்கிலிருந்து `Auth Code` அல்லது `EPP Code` என்ற கடவுச்சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆகவே பணம் வாங்கிய பிறகு, "புதுப்பிப்பை முடிக்க இந்தக் கோடு தேவை" என்று இன்னொரு மெயில் வரும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டால் டொமைன் தப்பிக்கும். வெறும் புதுப்பிப்புக்கு இந்தக் கோடு ஒருபோதும் தேவையில்லை, இதை அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? விலை கூடுவது சின்ன விஷயம். பல சிறு நிறுவனங்களுக்கு, வெப்சைட்டும் மெயிலும் எந்த சர்வரில் என்று காட்டும் டிஎன்எஸ் பதிவுகளும் பழைய ரெஜிஸ்ட்ராரிடமே இலவசமாக ஓடிக்கொண்டிருக்கும். டொமைன் இடம் மாறியதும் அவர்கள் அந்த இலவச டிஎன்எஸ்ஸை நிறுத்தலாம். அன்றைக்கு வெப்சைட் படுக்கும், அதைவிட மோசமாக மெயில் படுக்கும். வாங்குபவர் அனுப்பிய ஆர்டர் திரும்பிப் போகும், நமக்குத் தெரியவே தெரியாது. மாற்றக் கோரிக்கை போனதும் பழைய ரெஜிஸ்ட்ராரிடமிருந்து உறுதி கேட்டு மெயில் வரும், மறுக்க ஐந்து நாள் கிடைக்கும். அந்த மெயில் வரும் முகவரியை யாராவது பார்க்கிறார்களா என்பதுதான் கேள்வி. வேலையை விட்டுப் போன பழைய ஊழியரின் ஜிமெயிலாக இருந்து நான் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி: அனுப்பியவர் பெயர் தெரியவில்லை, ஆனால் தொகையும் தேதியும் நியாயமாக இருக்கின்றன

இங்கேதான் நிதானம் வேண்டும். கரூர் கதையின் இரண்டாம் பாகம் இது.

அக்டோபர் நடுவில் அக்காவுக்கு இன்னொரு மெயில். தமிழ்நாட்டு முகவரி, 1,100 ரூபாய், 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 1,298. அனுப்பிய நிறுவனத்தின் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. ஏப்ரலில் பட்ட அனுபவத்தால் உடனே அழித்துவிட்டார். நல்லவேளை, பேச்சோடு பேச்சாக "இன்னொரு டுபாக்கூர் பில்லும் வந்துச்சு தம்பி, நானே தூக்கிப் போட்டுட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார்.

தேதியைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம். நவம்பர் 14-க்குச் சரியாக ஒரு மாதம் முன்பு. டாட் காம் போன்ற பெயர்களுக்கு, காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு ஒன்று, ஒரு வாரம் முன்பு ஒன்று, முடிந்த பிறகு ஐந்து நாளுக்குள் ஒன்று என்று நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது ஐகேன் விதி. போலி ஆட்கள் எப்போது வேண்டுமானாலும் அனுப்புவார்கள். உண்மையானது இந்தத் தாளத்தில் வரும்.

அழித்ததை மீட்டுப் பார்த்தோம். வெப்சைட் செய்து கொடுத்தவர் ஒரு ரீசெல்லர். அவர் தன் தொழிலை வேறு பெயரில் மாற்றிப் பதிந்திருக்கிறார், வாடிக்கையாளர்களுக்குச் சொல்லவில்லை. பதிவேட்டில் அவர் பெயர் வராது, அவருக்கு மேலே உள்ள ரெஜிஸ்ட்ரார் பெயர்தான் வரும். நம் ஊரில் டொமைன் வாங்கிய ஆயிரக்கணக்கான கடைகளுக்கு நிலைமை இதுதான்: மேலே எடுத்துக்காட்டில் உள்ள பிடிஆர் போன்ற ரெஜிஸ்ட்ராரின் பெயர் பதிவேட்டில் இருக்கும், பில் மட்டும் தெருமுனை வெப் டிசைனரிடமிருந்து வரும். பெயர் பொருந்தவில்லை என்பதால் மட்டும் போலி என்று சொல்லிவிட முடியாது.

இதை உறுதி செய்ய மூன்று வழி, இந்த வரிசையில். பில்லில் உள்ள 15 எழுத்து ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தின் வரி செலுத்துவோர் தேடலில் போட்டுப் பாருங்கள். சட்டப்பூர்வமான பெயரும் வணிகப் பெயரும் வரும். எங்களுக்கு அங்கேயே பழைய டிசைனரின் பெயர் வந்துவிட்டது. ஆனால் ஜிஎஸ்டி எண் இருப்பது ஆள் இருக்கிறார் என்பதற்குத்தான் சாட்சி, டொமைன் அவரிடம் இருக்கிறது என்பதற்கு அல்ல. அடுத்து, போன வருடம் டொமைனுக்குப் பணம் யாருக்குப் போனது என்று வங்கிப் பதிவில் தேடுங்கள். இது சாதாரணமாகத் தோன்றும், ஆனால் பத்தில் எட்டு முறை இதிலேயே விடை கிடைக்கும். கடைசியாக, பில்லில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் டிசைனரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

டிசைனர் கிடைக்கவில்லை, தொழிலை விட்டுவிட்டார் என்றால் பதிவேட்டில் உள்ள ரெஜிஸ்ட்ராரை நேரடியாகத் தொடர்பு கொள்ளுங்கள். உரிமையாளர் நீங்கள் என்று காட்டினால் கணக்கைத் தங்களிடம் மாற்றிக்கொடுக்க அவர்களிடம் ஒரு நடைமுறை இருக்கும். நாள் ஆகும். ஆகவே கெடுவுக்கு முந்தின நாள் தொடங்காதீர்கள்.

காலாவதி கடந்துவிட்டாலும் கதை உடனே முடிவதில்லை. ரெஜிஸ்ட்ரார் தரும் சலுகை நாட்கள் போனபின் பெயரை நீக்கினால், 30 நாள் மீட்பு காலம் தொடங்கும். அதில் திரும்ப வாங்கலாம், ஆனால் அபராதக் கட்டணம் புதுப்பிப்பைப் போலப் பல மடங்கு. அதற்குப் பின் ஐந்து நாள் யாரும் தொட முடியாது, பிறகு பெயர் சந்தைக்கு வந்துவிடும்.

போலி போலவே தோன்றும் இன்னொரு உண்மையான மெயில் உண்டு: "உங்கள் மெயில் முகவரியை உறுதி செய்யுங்கள், இல்லாவிட்டால் டொமைன் நிறுத்தப்படும்." புதிதாகப் பதிந்தாலோ, தொடர்பு விவரத்தை மாற்றினாலோ, 15 நாளுக்குள் உறுதி செய்யவில்லை என்றால் ரெஜிஸ்ட்ரார் உண்மையிலேயே நிறுத்துவார். இதில் பணம் கேட்கவே மாட்டார்கள். இணைப்பை அழுத்தத் தயக்கமாக இருந்தால் ரெஜிஸ்ட்ரார் தளத்தில் நீங்களே நுழைந்து உறுதி செய்யலாம்.

## அறிகுறி: சீனாவில் யாரோ உங்கள் பெயரைப் பதியப் போகிறார்களாம்

சுருக்கமாக முடித்துவிடலாம். ஷாங்காயில் உள்ள ஒரு பதிவு நிறுவனம் என்று மெயில் வரும். உங்கள் கம்பெனிப் பெயரில் டாட் சிஎன், டாட் ஏஷியா, டாட் ஹெச்கே வேண்டுமென்று ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார், உங்களுக்கு ஆட்சேபம் உண்டா, ஏழு வேலை நாளுக்குள் சொல்லுங்கள் என்பார்கள். ஆட்சேபம் என்று பதில் போட்டால், அப்படியானால் அந்தப் பெயர்களை நீங்களே வாங்கிவிடுங்கள் என்று விலைப்பட்டியல் வரும். விண்ணப்பித்தவர் என்று யாரும் இல்லை. டொமைன் பதிவில் முந்திக் கேட்டவருக்குக் கொடுப்பதுதான் நடைமுறை, எந்த ரெஜிஸ்ட்ராரும் மூன்றாம் ஆளைத் தேடிப்பிடித்து அனுமதி கேட்பதில்லை. அழித்துவிடுங்கள். சீனாவில் உண்மையாகவே வியாபாரம் இருந்தால் டிரேட்மார்க் வக்கீலைப் பாருங்கள், இந்த மெயிலுக்காக அல்ல.

## அறிகுறி: கண்காட்சியில் கடை போட்டோம், பிறகு விவரம் சரிபார்க்கச் சொல்லிப் படிவம் வந்தது

கம்பெனிகளின் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்ப்பதாகச் சொல்லி வரும் டைரக்டரி பில்களில் கரூர், திருப்பூர்க்காரர்களுக்கு நெருக்கமானது இதுதான். ஜனவரியில் பிராங்பர்ட் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்கு நம் ஆட்கள் போகிறார்கள். ஸ்டால் போட்டவர்களின் பெயர்ப்பட்டியல் கண்காட்சியின் தளத்திலேயே திறந்து கிடக்கும். சில வாரங்களில் ஒரு படிவம் வரும். கண்காட்சியின் பெயர், உங்கள் கம்பெனி, முகவரி, ஹால் எண் எல்லாம் ஏற்கெனவே நிரப்பியிருக்கும். "விவரம் சரியா என்று பார்த்து, பிழை இருந்தால் திருத்தி, கையெழுத்திட்டு அனுப்பவும். அடிப்படைப் பதிவு இலவசம்." ஏற்றுமதி மேலாளர் தொலைபேசி எண்ணில் ஒரு இலக்கத்தைத் திருத்தி, சீல் குத்தி, ஸ்கேன் செய்து அனுப்பிவிடுவார்.

இதில் அவர் தொட்டது படிவத்தின் மேல் பாதியை. கையெழுத்து இருப்பது கீழ்ப் பாதியில். கையெழுத்துக்கு மேலே உள்ள பத்தியில், விளம்பரப் பதிவுக்கான ஆர்டர் இது, மூன்று வருடம், வருடத்துக்கு ஆயிரம் யூரோவுக்கு மேல், ரத்து செய்ய முடியாது, வழக்கு இன்ன நாட்டு நீதிமன்றத்தில் என்றெல்லாம் இருக்கும். இலவசம் என்றது அடிப்படைப் பதிவு. கையெழுத்துப் போட்டு அனுப்புவது அது அல்ல.

இது சில்லறைத் தொந்தரவு அல்ல. 2008 டிசம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றமே இந்த ஏமாற்று டைரக்டரி நிறுவனங்களைப் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. கண்காட்சி நடத்துபவர்களின் உலகச் சங்கமான யூஎஃப்ஐ இன்னும் எச்சரித்துக்கொண்டிருக்கிறது.

குழப்பம் வருவதற்கு ஒரு காரணமும் உண்டு: பல கண்காட்சிகளில் நடத்துபவரே கேட்டலாக், இணையப் பட்டியல் ஆகியவற்றுக்குக் கட்டாயக் கட்டணம் வாங்குவார். அது உண்மையான பில். பிரித்தறிய ஸ்டால் ஒப்பந்தத்தை எடுங்கள். கட்டாயக் கட்டணம் அதில் எழுதியிருக்கும், ஸ்டால் வாடகை வாங்கிய அதே நிறுவனம், அதே வாடிக்கையாளர் எண்ணோடு பில் போடும். ஒப்பந்தத்தில் இல்லாத பெயரில் வந்தால் நடத்துபவருக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள், அவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கம்.

ஏற்கெனவே கையெழுத்திட்டு அனுப்பிவிட்டீர்களா? முதல் பில் வருவதற்குக் காத்திருக்காதீர்கள். "இலவசச் சரிபார்ப்பு என்று நம்பவைத்துக் கையெழுத்து வாங்கினீர்கள், இந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை, ரத்து செய்கிறோம்" என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதி, மெயிலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். ஒரு பைசா கட்டாதீர்கள். "முதல் வருடம் மட்டும் கட்டித் தொலைப்போம்" என்பதுதான் பலர் செய்யும் தவறு; பணம் கட்டினால் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதாக அவர்கள் அதையே காட்டுவார்கள். அப்புறம் வசூல் ஏஜென்சி என்ற பெயரில் வட்டி சேர்த்துக் கடிதங்கள் வரும், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் காரமாக. அவை நீதிமன்ற நோட்டீஸ் அல்ல. உண்மையான நீதிமன்றத் தாள் வந்தால் மட்டும் அன்றே வக்கீலிடம் போங்கள், அதைக் கிடப்பில் போடக் கூடாது.

சட்டத்தில் நம் பக்கம் எவ்வளவு பலம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, ஏமாற்றியோ தவறாகச் சொல்லியோ வாங்கிய சம்மதத்தை ரத்து செய்ய வழி தருகிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது: தவறான தகவலோ, மறைத்ததோதான் காரணம் என்றால், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்குமா என்ற கேள்வி வரும். பொடி எழுத்து அங்கே இருந்ததே என்று எதிராளி வாதாடுவது இந்த இடத்தில்தான். அதோடு வெளிநாட்டு ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் என்ற கேள்வியும் உண்டு. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்று கேட்பார்கள். வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவை பெரும்பாலும் 2019 நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே. ஆகவே தொகை பெரிதென்றால் கடிதத்தை வக்கீலிடம் காட்டி அனுப்புங்கள்.

## அறிகுறி: பணம் போய்விட்டது

எப்படிக் கட்டினீர்கள் என்பதைப் பொறுத்து வேலை மாறும்.

கிரெடிட் கார்டு என்றால் முதலில் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை. வெளிநாட்டு வணிகர் பலருக்கு ஓடிபி இல்லாமலே மறுபடி பிடிக்க முடியும், அடுத்த வருடமும் அவர்கள் பிடிக்கப் பார்ப்பார்கள். பிறகு கார்டை மாற்றச் சொல்லுங்கள். அடுத்து வங்கியில் டிஸ்ப்யூட் போடுங்கள். இங்கே வார்த்தை முக்கியம். "நான் செய்யாத பரிவர்த்தனை" என்று எழுதாதீர்கள், ஓடிபி போட்டது நீங்கள்தான், மனு அங்கேயே விழுந்துவிடும். இழப்பில் வாடிக்கையாளரின் பொறுப்புக்கு வரம்பு போட்டு ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதி அனுமதியில்லாத பரிவர்த்தனைக்காக எழுதப்பட்டது. "டொமைன் புதுப்பிப்பு என்று சொல்லி வேறு சேவைக்குப் பணம் வாங்கினார்கள், டொமைன் புதுப்பிக்கப்படவில்லை" என்று எழுதுங்கள். சாட்சியாக அவர்களுடைய மெயிலையும், தேதி மாறாமல் இருப்பதைக் காட்டும் பதிவேட்டு ஸ்கிரீன்ஷாட்டையும் இணையுங்கள். அந்த ஸ்கிரீன்ஷாட் உங்கள் வலுவான சீட்டு.

உள்நாட்டுக் கணக்குக்கு யுபிஐ அல்லது நெஃப்ட்டில் அனுப்பியிருந்தால் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள், `cybercrime.gov.in` தளத்திலும் புகாரைப் பதியுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன்பு நிறுத்தினால்தான் உண்டு, மதியம் சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்றால் போச்சு. வெளிநாட்டு வங்கிக்கு நேரடியாக அனுப்பியது திரும்புவது அபூர்வம். திரும்ப அழைக்கும் கோரிக்கையை வங்கி அனுப்பும், வாங்கியவர் சம்மதிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் நடுவில் ஒன்றை மறந்துவிடுவார்கள்: போலிக்குக் கட்டியதால் உண்மையான புதுப்பிப்பு நடக்கவில்லை. "இந்த வருடம் டொமைன் கட்டியாச்சு" என்று கணக்கில் எழுதியிருப்பார்கள், அதனால் உண்மையான பில் வரும்போது இரண்டாவது முறை கேட்கிறார்கள் என்று ஒதுக்கிவிடுவார்கள். கணக்குப் புத்தகத்தில் அந்த வரியை அன்றே திருத்துங்கள்.

கரூரில் 1,298 ரூபாய் அக்டோபர் 20-ஆம் தேதி கட்டப்பட்டது. மறுநாள் `lookup.icann.org`-ல் தேதி 2026 நவம்பர் 14 என்று மாறியிருந்ததை அக்காவே பார்த்துச் சொன்னார். இப்போது அவருடைய மானிட்டரின் கீழே ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள் இருக்கிறது: ரெஜிஸ்ட்ரார் பெயர், டிசைனரின் புதுக் கம்பெனிப் பெயர், அவர் போன் எண், நவம்பர் 14. போன வாரம் இன்னொரு "காலாவதி" மெயில் வந்ததாம். ஒட்டுத்தாளைப் பார்த்தாராம், அழித்தாராம், எனக்குப் போன் செய்யவில்லை.